ஒரே பார்கோடு, இரண்டு விலை: கல்லாவில் குறைந்த அறுபது ரூபாய்

கல்லாப் புதியவன் · கொழிஞ்சாம்பாறை

அனைவருக்கும் வணக்கம். நான் பி.காம். மாணவன். விடுமுறைப் பயிற்சிக்காக எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பல்பொருள் அங்காடியில் சேர்ந்து பதினெட்டு நாள் ஆகிறது. காலையில் ராக்கில் சரக்கு அடுக்குவேன். பதினொரு மணியிலிருந்து மாலை வரை இரண்டாவது பில்லிங் கவுண்டர் என் பொறுப்பு. கடையின் பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள்தான்.

நேற்று முன்தினம் ஓர் அம்மா ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் பாக்கெட்டையும் பில்லையும் எடுத்துக்கொண்டு வந்தார். பில்லில் 470 ரூபாய். பாக்கெட்டில் அச்சிட்டிருந்த எம்.ஆர்.பி. 410. முந்தின நாள் அவருக்குப் பில் போட்டது நான்தான். "இது பழய பாக்கெட்டல்லே மோனே?" என்று மலையாளத்தில் கேட்டார். கோபப்படவில்லை. பின்னால் நின்றவர்கள்தான் கோபப்பட்டார்கள்.

அந்தப் பிராண்டில் பழைய விலைச் சரக்கும் புதிய விலைச் சரக்கும் இப்போது சேர்ந்து இருக்கின்றன. பார்கோடு இரண்டிலும் ஒன்றே. ஸ்கேன் செய்தால் திரையில் இரண்டு விலையும் ஒரு சின்னக் கட்டத்தில் வரும், நாம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் 470-ஐத் தேர்ந்தெடுத்ததாக எனக்கு நினைவே இல்லை. அந்தக் கட்டம் வந்ததே நினைவில் இல்லை.

கண்காணிப்பாளர் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். பில்லைத் திருத்த அவருடைய கடவுச்சொல் வேண்டும். வரிசை நீண்டுகொண்டே போனதால் கல்லாவிலிருந்து அறுபது ரூபாயை எடுத்து அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இரவில் கணக்கு முடித்தபோது தொடக்கப் பணம் 2,000, ரொக்க விற்பனை 21,340, மூன்று மணிக்கு ஒப்படைத்தது 15,000. கல்லாவில் 8,340 இருந்திருக்க வேண்டும். எண்ணினால் 8,280. நடந்ததைச் சொன்னேன். "சொல்லாமல் எடுத்தது உன் தவறு" என்று உதவித்தொகையில் அறுபதைக் கழிப்பதாக எழுதிவிட்டார்கள்.

அறுபது ரூபாய் பெரிதில்லை. ஆனால் அந்த அம்மாவிடம் நாங்கள் கூடுதலாக வாங்கிய அறுபது கடைக்குள்தானே வந்தது? பிறகு எப்படி என் கல்லாவில் குறையும்? இது இன்னொரு முறை நடக்காமல் இருக்க நான் என்ன செய்ய வேண்டும்?

---

வேலந்தாவளத்தான்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து விலையைக் கையால் தட்டிவிடுங்கள். நான் ஆறு மாதம் கவுண்டரில் நின்றவன். கணினியை நம்பி ஏமாந்ததுதான் மிச்சம். கல்லாவில் குறைந்தால் கேஷியர்தான் கொடுக்க வேண்டும் என்பது எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம்.

---

நேந்திரன்

எங்கள் கடையிலும் பார்கோடு தகராறுதான். காய்கறிப் பிரிவில் தராசு அச்சிடும் சீட்டு 2-இல் தொடங்கும் எண்ணாக வரும். அந்த எண்ணுக்குள்ளேயே பொருளின் குறியீடும் எடையும் இருக்கின்றன. ஒருநாள் நேந்திரன் பழத்துக்குப் பூவன் பழத்தின் பொத்தானை அழுத்திச் சீட்டு எடுத்துவிட்டார்கள். கவுண்டரில் நான் ஸ்கேன் செய்தேன், விலை பாதிகூட இல்லை. வாடிக்கையாளர் ஒன்றும் சொல்லவில்லை, அவர் ஏன் சொல்லப் போகிறார்? மூன்றாவது நாள்தான் கண்டுபிடித்தோம். ஆகவே தராசைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், ஸ்கேனர் கண்ணாடியையும் துடையுங்கள். பிரச்சினை தீரும்.

---

பழைய கல்லா · பொள்ளாச்சி

நேந்திரன், அது வேறு கதை. எண்ணெய் பாக்கெட் தராசுக்கே போகாது.

தம்பி, நான் பதினான்கு ஆண்டு கவுண்டரில் இருந்து, இப்போது கடைத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறவள். முதலில் உங்கள் அறுபது ரூபாய். அந்த அம்மா முந்தின நாள் எப்படிப் பணம் கொடுத்தார்? யு.பி.ஐ.யில்தானே? அப்படியானால் கூடுதல் அறுபது வங்கிக் கணக்குக்குப் போயிற்று. நீங்கள் கொடுத்த அறுபது அடுத்த நாள் கல்லாவிலிருந்து ரொக்கமாகப் போயிற்று. கணினிக்கு இந்த இரண்டில் ஒன்றுமே தெரியாது. அதன் கணக்கில் 470 ரூபாய்க்கு ஒரு பாக்கெட் விற்றிருக்கிறது, அவ்வளவுதான். அவர் ரொக்கமே கொடுத்திருந்தாலும் அது முந்தின நாள் கல்லா. அந்தக் கணக்கு அன்றே முடிந்துவிட்டது.

செய்திருக்க வேண்டியது இது. பில் எண்ணைப் போட்டுப் பழைய பில்லைத் திறந்து அந்த ஒரு பொருளை மட்டும் சேல்ஸ் ரிட்டர்னில் எடுத்து, உடனே 410-க்கு மறுபில் போட்டு, வித்தியாசத்தை ரொக்கமாகத் திருப்பியதாகக் காட்ட வேண்டும். அப்போது இரவில் கல்லாவில் இருக்க வேண்டிய தொகையே 8,280 என்று வந்திருக்கும். கண்காணிப்பாளர் இல்லை என்றால் ஒரு துண்டுச்சீட்டில் பில் எண், பொருள், தொகை எழுதி, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கி, எடுத்த பணத்தின் இடத்தில் கல்லாவுக்குள் வையுங்கள். அவர் வந்ததும் சீட்டைக் காட்டிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சீட்டு இல்லாத அறுபதும் திருடிய அறுபதும் இரவில் எண்ணும்போது ஒரே மாதிரிதான் தெரியும். உங்கள் அண்ணனுக்குக் கோபம் வந்தது அதனால்தான். ஆனால் கழித்தது சரி என்று நான் சொல்லவில்லை.

இப்போது முக்கியமான கேள்வி. கட்டம் வந்ததே நினைவில்லை என்கிறீர்கள். அதை நான் நம்புகிறேன். எண்ணெய்க்கு அடுத்து என்ன பொருளை ஸ்கேன் செய்தீர்கள்? அது அந்தப் பில்லில் இருக்கிறதா?

---

கல்லாப் புதியவன்

யு.பி.ஐ.தான் அக்கா. எப்படித் தெரிந்தது?

பில்லின் நகலைப் பார்த்தேன். அரிசி, எண்ணெய், துவரம் பருப்பு, டீத்தூள் என்று நான்கு பொருள். அடுத்து என்ன ஸ்கேன் செய்தேன் என்று நினைவில்லை. பருப்பாகத்தான் இருக்கும்.

---

பழைய கல்லா

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். கவுண்டர் கணினியில் பில்லிங்கை மூடிவிட்டு நோட்பேடைத் திறந்து, அந்த எண்ணெய் பாக்கெட்டை ஸ்கேன் செய்யுங்கள். 890-இல் தொடங்கும் பதின்மூன்று இலக்க எண் விழும். விழுந்ததும் கர்சர் எங்கே போய் நிற்கிறது என்று சொல்லுங்கள்.

---

கல்லாப் புதியவன்

அடுத்த வரிக்குப் போய் நிற்கிறது.

---

பழைய கல்லா

அதுதான். ஸ்கேனர் என்பது கணினியைப் பொறுத்தவரை இன்னொரு விசைப்பலகை. எண்களைத் தட்டி, கடைசியில் என்டரையும் தானே தட்டிவிடுகிறது. நீங்கள் எண்ணெயை ஸ்கேன் செய்ததும் விலைக் கட்டம் திறக்கிறது. கை பழகிவிட்டதால் திரையைப் பார்க்காமல் அடுத்த பொருளைக் காட்டுகிறீர்கள். அதன் எண்கள் கட்டத்துக்குள் விழுந்து வீணாகின்றன. பின்னால் வரும் என்டர், கட்டத்தில் முதல் வரியாக எது நிற்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. உங்கள் மென்பொருளில் கடைசியாக வந்த சரக்கு மேலே நிற்கும் என்று நினைக்கிறேன், அதாவது 470. கண்ணுக்குத் தெரியும் முன்பே கட்டம் மூடிவிடும்.

இதில் இன்னொரு விபத்தும் உண்டு. வீணான அந்த எண்ணுக்குரிய பொருள் பில்லில் ஏறாது. பையில் மட்டும் போய்விடும். ஆகவே எண்ணெயில் அறுபது கூடுதலாக வாங்கிய அதே பில்லில் இன்னொரு பொருளை இலவசமாகக் கொடுத்திருக்கலாம். உங்கள் கடையில் காரணம் தெரியாமல் சில்லறைச் சாமான் எதுவும் குறைகிறதா?

---

கல்லாப் புதியவன்

அக்கா, கை நடுங்குகிறது. போன வாரம் குளியல் சோப்பு ஏழு குறைகிறது என்று ராக் பக்கத்து அக்காவைத் திட்டினார்கள். யாரோ பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள் என்று கேமராவைக்கூடப் பார்த்தார்கள். எங்கள் கடையில் எண்ணெய்க்கு எதிர்வரிசையில்தான் சோப்பு. எல்லோரும் இரண்டையும் சேர்த்தே எடுத்து வருவார்கள்.

ஏழும் இப்படித்தான் போனது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இன்று யாரும் இல்லாத நேரத்தில் எண்ணெயையும் சோப்பையும் வேகமாகக் காட்டிப் பார்த்தேன். ஐந்து தடவையில் நான்கு தடவை சோப்பு பில்லில் ஏறவே இல்லை. "பீப்" சத்தம் மட்டும் ஒழுங்காகக் கேட்கிறது!

---

பழைய கல்லா

பீப் என்பது ஸ்கேனர் எழுப்பும் சத்தம், "படித்துவிட்டேன்" என்கிறது. பில்லில் ஏறியதா என்று அதற்குத் தெரியாது. ராக் பக்கத்து அக்காவிடம் முதலில் போய்ச் சொல்லுங்கள்.

அடுத்து ஒரு வேலை. அந்த எண்ணெயின் இருப்பை விலைவாரியாக எடுங்கள். கணினியில் 410-க்கு எத்தனை, 470-க்கு எத்தனை. கையால் எண்ணினால் எத்தனை, எத்தனை. குடோனில் இருப்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

---

வேலந்தாவளத்தான்

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? சட்டம் எளிது. ஒரு பொருளுக்கு இரண்டு விலை இருந்தால் குறைந்த விலைக்குத்தான் விற்க வேண்டும். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜி.எஸ்.டி. குறைந்தபோது நாங்கள் சோப்பு, ஷாம்பு, பற்பசை எல்லாவற்றையும் அப்படித்தான் விற்றோம். பழைய பாக்கெட்டில் கூடுதல் விலை அச்சிட்டிருந்தாலும் குறைத்தே பில் போட்டோம். இங்கேயும் எல்லாவற்றையும் 410-க்கு விற்றுவிட்டால் கட்டமும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்.

---

சித்தூர் கணக்கர்

வேலந்தாவளத்தார் சொன்னதில் பாதி சரி. செப்டம்பர் 22-இல் நடந்தது வரிக் குறைப்பு. அவர் சொன்ன பொருட்களுக்கு 18 சதவீதம் 5 ஆயிற்று. அந்தக் குறைவு வாங்குபவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் பழைய அச்சு எதுவாக இருந்தாலும் குறைத்து விற்றோம். இங்கே நடந்திருப்பது மூலப்பொருள் விலையேற்றம். வரி அதே 5 சதவீதம்தான். பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகள் கடைக்காரருக்குச் சொல்வது, அந்தந்தப் பொட்டலத்தில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது என்பதே. 470 அச்சிட்ட பாக்கெட்டை 470-க்குத் தாராளமாக விற்கலாம். 410 அச்சிட்டதை 411-க்குக்கூட விற்கக் கூடாது. ஆக, உங்கள் கவுண்டரில் நடந்தது வெறும் தட்டச்சுப் பிழை என்று விட்டுவிட முடியாது. அந்த அம்மா 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைத்திருந்தால் கடைதான் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுப்பதில் இன்னொரு சின்னக் கோணலும் இருக்கிறது. 470-க்குள் அடங்கிய வரி 22 ரூபாய் 38 பைசா. 410-க்குள் 19 ரூபாய் 52 பைசா. பில்லைத் திருத்தாமல் பணத்தை மட்டும் திருப்பினால், கடை ஈட்டாத தொகைக்கு 2 ரூபாய் 86 பைசா வரி கட்டுகிறது. தொகை அற்பம்தான். ஆனால் மாதக் கணக்கு எழுதும் என்னைப் போன்றவனுக்கு இப்படிப்பட்ட அற்பங்கள் இருபது சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

---

கல்லாப் புதியவன்

எண்ணிவிட்டேன் அக்கா. குடோனில் ஒன்றும் இல்லை, எல்லாம் ராக்கில்தான். புதிய சரக்கு வந்த அன்று பழையது 24 இருந்தது, புதியது 36 வந்தது. இன்று கணினியில் 410-க்கு 17, 470-க்கு 11. கையால் எண்ணினால் 410 அச்சிட்டது 9, 470 அச்சிட்டது 19.

மொத்தம் இரண்டிலும் 28. அதனால்தான் போன வார இருப்புச் சரிபார்ப்பில் எண்ணெய் "சரி" என்று எழுதியிருந்தார்கள்.

---

பழைய கல்லா

மொத்தம் சரியாக இருப்பதால்தான் இந்தத் தவறு யார் கண்ணிலும் படாமல் நடமாடுகிறது. இரவுக் கல்லாவும் இதைக் காட்டாது. நீங்கள் 470 என்று பில் போட்டு 470 வாங்கினீர்கள், பணம் பொருந்திவிடும்.

விலைவாரியாகப் பிரித்தால் வெளிவரும். கணினி சொல்வது: பழையதில் 24 இருந்து 17 மிச்சம், ஏழு விற்றது, புதியதில் 36 இருந்து 11 மிச்சம், இருபத்தைந்து விற்றது. ராக் சொல்வது: பழையதில் பதினைந்து போயிருக்கிறது, புதியதில் பதினேழுதான். அதாவது எட்டுப் பழைய பாக்கெட் புதிய விலையில் பில்லாகியிருக்கிறது. எட்டு அறுபது 480 ரூபாய். ஓர் அம்மா திரும்பி வந்தார், அவருக்கு அறுபதைக் கொடுத்துவிட்டீர்கள். மீதி ஏழு பேருடைய 420 ரூபாய் கடையில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. எட்டு என்பது கழித்து வந்த மிச்சம். பத்துப் பேரிடம் கூடுதலாக வாங்கி, இரண்டு பேருக்குப் புதிய பாக்கெட்டைப் பழைய விலையில் கொடுத்திருந்தாலும் இதே எட்டுதான் வரும். எண்ணிக்கையால் அதற்கு மேல் தெரிந்துகொள்ள முடியாது.

உங்களுடையது இரண்டாவது கவுண்டர் என்றீர்களே, இந்த எட்டும் உங்களுடையவை என்று நீங்களே தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். பொருள்வாரி விற்பனை அறிக்கையை எடுத்தால் அந்த இருபத்தைந்தும் எந்தெந்தக் கவுண்டரில் என்று வரும்.

---

மீனாட்சிபுரம் மளிகை

நான் முதலாளி தரப்பில் இருந்து சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். அந்த 420-ஐ யாரிடம் கொடுப்பது? இருபத்தைந்து பில்லில் எந்த எட்டுப் பேர் பழைய பாக்கெட் எடுத்தார்கள் என்று எந்த அறிக்கையும் சொல்லாது. பாக்கெட்டோடு வந்தால் கொடுக்கலாம். எண்ணெய் தீர்ந்து பாக்கெட்டைக் குப்பையில் போட்டவர் எதைக் காட்டுவார்? பில்லில் தொலைபேசி எண் கொடுத்தவர்களை அழைக்கலாம் என்பீர்கள். அழைத்தால் இருபத்தைந்து பேரும் "என்னுடையது பழையதுதான்" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன்.

அடுத்தது அடுக்குவது. எல்லோரும் பழையதை முன்னால் வை, புதியதைப் பின்னால் வை என்பார்கள். எங்கள் ஊரில் வாடிக்கையாளர் கை நேராகப் பின்வரிசைக்குத்தான் போகும். பாலிலும் ரொட்டியிலும் பழகிய பழக்கம், தேதி புதியது பின்னால் இருக்கும் என்று தெரியும். எண்ணெயில் மட்டும் விலை குறைந்தது முன்னால் இருக்கிறது என்று தெரிந்தால் முன்னாலிருந்து நான்காக அள்ளுவார்கள். கம்பெனிப் பிரதிநிதி வந்தால் அவருக்குப் புதியது முன்னால் தெரிய வேண்டும். நான் என்ன செய்கிறேன் என்றால், பழையது தீரும் வரை புதிய பெட்டியைப் பிரிப்பதே இல்லை. சின்னக் கடை என்பதால் முடிகிறது.

அப்புறம் அந்த அறுபது ரூபாய். பயிற்சிப் பிள்ளையிடம் கழித்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒருமுறை விட்டால் நாளை ஒவ்வொருவரும் "வாடிக்கையாளருக்குக் கொடுத்தேன்" என்பார்கள். சீட்டு இல்லாமல் நான் யாரை நம்புவது?

---

நாட்டுக்கல் அக்கா

நான் கடைக்காரி இல்லை, வாங்குகிறவள். தோப்பு வைத்திருக்கிற ஊரில் தேங்காய் எண்ணெயைப் பாக்கெட்டில் வாங்குகிறோம் என்பதே எனக்கு ஆறவில்லை, அது போகட்டும்.

இந்தப் பயிற்சிப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்க வேண்டும். வீட்டில் நாங்கள் தமிழ், மாமியார் வீடு மலையாளம். கடையில் போய் "சர்க்கரை எங்கே?" என்றால் பாதி நாள் வெல்லம் இருக்கிற ராக்கைக் காட்டுகிறார்கள், பாதி நாள் சீனியை. மலையாளத்தில் சர்க்கர என்றால் வெல்லம்தான். கடலை கேட்டால் நிலக்கடலையா, கொண்டைக்கடலையா என்று திருப்பிக் கேட்கிற பிள்ளைதான் எனக்குப் பிடித்த பிள்ளை. போன மாதம் ஒரு பெரியவர் வெயிலில் வந்து "வெள்ளம்" கேட்டார். தண்ணீர்தான் கேட்டார். அச்சுவெல்லத்தைக் காட்டினான் ஒரு பையன்!

விலையும் அதே மாதிரிதான். ராக்கில் ஒட்டியிருக்கிற சீட்டில் ஒரே ஒரு விலை இருக்கிறது, பாக்கெட்டில் இரண்டு விதம். எதை நம்பி நான் எடுப்பது?

---

பழைய கல்லா

நாட்டுக்கல் அக்கா கேட்டதுதான் அடுக்குகிறவர் பார்க்க வேண்டிய இடம். விலைச்சீட்டு ஒன்று, சரக்கு இரண்டு விதம் என்றால் அந்த ராக்கே பொய் சொல்கிறது. மளிகையார் போலப் பெட்டியைப் பிரிக்காமல் வைக்க முடிந்தால் நல்லது. பெரிய கடையில் அது நடக்காது. நாங்கள் ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக வைப்பதை நிறுத்திவிட்டோம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரிசை, நடுவில் ஒரு தடுப்பு, ஒவ்வொன்றுக்கும் அதனதன் விலைச்சீட்டு. பழைய விலையை அள்ளுகிறார்களா? அள்ளட்டும். சீக்கிரம் தீர்ந்துவிடும், அதுதானே வேண்டும்?

இதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு. மிச்சமிருக்கும் ஒன்பது பழைய பாக்கெட்டுக்கும் கடையின் சொந்த பார்கோடு சீட்டை அச்சிட்டு, கம்பெனி பார்கோடு மறையும்படி அதன் மேல் ஒட்டுங்கள். ஸ்கேன் செய்தால் கட்டமே வராது, நேராக 410 ஏறும். விலை, தயாரிப்புத் தேதி, பேட்ச் எண் எதையும் சீட்டு மறைக்கக் கூடாது. அவசரத்தில் விலை மேல் ஒட்டிவிட்டால் அது வேறு குற்றம். கம்பெனி பார்கோடு கொஞ்சம் வெளியே தெரிந்தாலும் ஸ்கேனர் அதைப் பிடித்துவிடலாம், ஆகவே ஒவ்வொன்றையும் ஒட்டியதும் ஸ்கேன் செய்து பாருங்கள்.

சீட்டு ஒட்ட ஒப்புக்கொள்ளவில்லை என்றால், கட்டத்தில் பழைய சரக்கு மேலே வரும்படி அமைப்பை மாற்றச் சொல்லுங்கள். தவறு முழுவதும் போகாது. ஆனால் தவறினால் நட்டம் கடைக்கு, வாங்குகிறவருக்கு இல்லை.

---

மீனாட்சிபுரம் மளிகை

சொல்ல எளிது அம்மா. பாக்கெட்டுக்கு அறுபது ரூபாய் நட்டம் என்றால் அதில் லாபம் என்று ஒன்றும் மிச்சம் இருக்காது. தவறையே கடையின் தலையில் விழும்படி அமைக்கச் சொல்கிறீர்கள்.

---

பழைய கல்லா

ஆமாம், அப்படித்தான் சொல்கிறேன். அமைப்பைத் தேர்ந்தெடுப்பது கடை.

---

சித்தூர் கணக்கர்

நான் மளிகையார் பக்கமும் இல்லை, அக்கா பக்கமும் இல்லை. சீட்டு ஒட்டுவதே சரி. ஒன்பது சீட்டுக்கு ஆகும் செலவைக் கணக்கு எழுதக்கூட யாரும் என்னிடம் கொண்டுவர மாட்டார்கள்.

---

கல்லாப் புதியவன்

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன்.

ராக் பக்கத்து அக்காவிடம் சோப்புச் சோதனையைச் செய்து காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் கண்காணிப்பாளர் அண்ணனை அழைத்து வந்து "இன்னொரு முறை காட்டு" என்றார். காட்டினேன். அண்ணன் தானே ஸ்கேனரை வாங்கி ஆறு தடவை செய்து பார்த்தார். "கேமராவை வீணாகப் பார்த்தோமே" என்றார். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று தெரியவில்லை, நான் கவுண்டருக்கு வந்துவிட்டேன்.

சீட்டு ஒட்டியாயிற்று. அதற்குள் ஒன்பது ஆறாகியிருந்தது. நான் ஒட்டிய முதல் சீட்டு கோணலாக விழுந்து கம்பெனி பார்கோட்டின் பாதி தெரிந்தது. ஸ்கேன் செய்தால் மறுபடியும் கட்டம் வந்தது, கிழித்து ஒட்டினேன். ஆறும் இரண்டு நாளில் தீர்ந்தன. இப்போது எண்ணெயில் ஒரே விலை. ஆனால் நேற்று டீத்தூளில் புதிய விலைப் பெட்டி வந்திருக்கிறது. பெட்டி பிரிக்கும்போதே இரண்டு பாக்கெட்டின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், கவுண்டரில் பையைக் கொடுக்கும் முன் பில்லின் எண்ணிக்கையையும் பையையும் ஒப்பிடுகிறேன். வரிசை சற்று மெதுவாகத்தான் போகிறது. பின்னால் நிற்பவர்கள் இப்போதும் கோபப்படுகிறார்கள்.

420 ரூபாய் பற்றி அண்ணன் முதலாளியிடம் பேசியிருக்கிறார். கவுண்டரில் மலையாளத்திலும் தமிழிலும் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள், பழைய பாக்கெட்டும் பில்லும் கொண்டுவந்தால் வித்தியாசம் திருப்பித் தரப்படும் என்று. இதுவரை இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கொண்டுவந்தது வேறு பிராண்ட்.

உதவித்தொகையில் கழித்த அறுபதைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த அம்மா நேற்று வந்தார். எண்ணெய் வாங்கவில்லை, "சர்க்கர" கேட்டார். எது என்று திருப்பிக் கேட்டேன்.

---

பழைய கல்லா

டீத்தூளை இன்று இரவே விலைவாரியாக எண்ணி எழுதி வையுங்கள். பெட்டி பிரித்த நாளின் எண்ணிக்கை இல்லாமல் பிறகு எதையும் கழித்துப் பார்க்க முடியாது.

---

வேலந்தாவளத்தான்

எங்கள் பழைய கடையில் நோட்பேட் சோதனை செய்து பார்க்கச் சொன்னேன். அங்கே கர்சர் அதே வரியிலேயே நிற்கிறதாம். அதற்கு என்ன அர்த்தம்?